கனவுக் கண்ணாடியில் வேறு முகம்: உங்களுக்கும் வருகிறதா?

கயல்விழி
வணக்கம். எனக்கு வயது 52. சில மாதங்களாக ஒரே மாதிரியான கனவு திரும்பத் திரும்ப வருகிறது. கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டிருக்கிறேன். எதிரில் தெரிவது நான்தான் என்பதில் கனவுக்குள் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் முகம் என்னுடையது இல்லை, என் அம்மாவுடையது. கனவில் அது எனக்கு விசித்திரமாகவே படுவதில்லை. இயல்பாக வாரி முடித்துவிடுகிறேன். விழித்தபிறகுதான் நெஞ்சு படபடக்கிறது. அம்மா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

பதினாறு, பதினேழு வயதிலும் எனக்குக் கண்ணாடிக் கனவுகள் வந்தன. அப்போது வந்தது வேறு. முகம் நிலைக்காது, பார்க்கப் பார்க்க மூக்கும் வாயும் இடம் மாறும், பயந்து எழுந்துவிடுவேன். இடையில் பல வருடங்கள் ஒன்றுமே இல்லை. இது ஏன் வருகிறது, வயதுக்கேற்ப ஏன் மாறுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சகுனம், பலன் எதுவும் கேட்கவில்லை.

வான்மதி
அக்கா, மூளையால் புது முகத்தை உருவாக்கவே முடியாது. கனவில் வருகிற ஒவ்வொரு முகமும் நாம் எங்கேயோ பார்த்ததுதான். நீங்கள் அம்மாவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள், அது வந்துவிட்டது. அப்புறம், கண்ணாடியில் தன் முகம் மாறித் தெரிந்தால் அவர்களுக்குத் தங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். என் தோழிக்கு அப்படித்தான் இருந்தது.

இரவுப்பணி
தூக்க ஆய்வுக்கூடத்தில் பல வருடங்களாக இரவு வேலை பார்க்கிறேன். உறங்குகிறவர்களின் மூளை அலை, கண் அசைவு, மூச்சு எல்லாவற்றையும் பதிவு செய்வதுதான் வேலை.

வான்மதி சொன்னதில் பாதி சரி. கனவுக்கான சரக்கு நினைவிலிருந்துதான் வருகிறது. ஆனால் "பார்த்த முகம் மட்டுமே வரும்" என்பதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. வாழ்நாளில் கடந்துபோன எல்லா முகங்களையும் யாராலும் பட்டியல் போட முடியாதே. விழித்திருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு இல்லாத ஒரு முகத்தைக் கற்பனை செய்கிறோம். உறக்கத்தில் மட்டும் அது முடியாமல் போகக் காரணம் எதுவும் இல்லை. வெறுப்பு என்கிற முடிவையும் நான் ஏற்கமாட்டேன். கயல் அக்காவுக்குக் கனவுக்குள் பயமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அக்கா எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: முகம் வேறு, ஆனால் "இது நான்" என்கிற உணர்வு அப்படியே இருக்கிறது. ஒரு முகத்தின் வடிவத்தைக் காண்பதும், அது யாருடையது என்று உள்ளுக்குள் உணர்வதும் மூளையில் ஒரே வேலை இல்லை. விழித்திருக்கையில் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றென்று நினைக்கிறோம். கனவில் அடிக்கடி பிரிந்துவிடுகின்றன. "கனவில் என் தங்கை வந்தாள், ஆனால் பார்க்க அவள் மாதிரி இல்லை" என்று எல்லோருமே ஒருமுறையாவது சொல்லியிருப்போம். கண்ணாடிக் கனவு அதே பிரிவுதான், அங்கே ஆள் நாமாகிவிடுகிறோம்.

விழித்திருக்கும்போதும் இவை பிரிந்துபோகிற நோய்கள் உண்டு. காப்கிரா நோய்க்குறி உள்ளவருக்கு மனைவியின் முகம் சரியாகத் தெரியும், ஆனால் அவள் என்கிற உணர்வு எழாது. அதனால் "இவள் அவளைப் போலவே இருக்கும் வேறொருத்தி" என்பார். ஆரோக்கியமான மூளை கனவில் செய்வது அதில்லை, ஆனால் இரண்டும் தனித்தனி என்பதற்கு அது நல்ல சாட்சி.

பரிதி
எனக்கும் இதே பிரச்சினை! இரவில் மின்சாரம் போனபோது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கன்னம் இழுத்துக்கொண்டு, கண் இருந்த இடம் கறுத்து, யாரோ கிழவர் மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து இரவில் கண்ணாடி பக்கமே போவதில்லை. எனக்குள் ஏதாவது கோளாறா?

இரவுப்பணி
தம்பி, அக்கா கேட்டது உறக்கத்தில் வருவதை. உங்களுக்கு நடந்தது விழிப்பில். இரண்டுக்கும் காரணம் வேறு. உங்களுடையது கண்ணும் மூளையும் சேர்ந்து செய்கிற மாயத்தோற்றம், அநேகமாக யாருக்கும் வரக்கூடியது.

இத்தாலியில் ஜியோவானி கபுட்டோ என்ற ஆய்வாளர் 2010இல் இதைப் பற்றி எழுதினார். 50 பேரை மங்கலான அறையில், விளக்கைப் பின்னால் வைத்துவிட்டு, 10 நிமிடம் தங்கள் முகத்தையே உற்றுப் பார்க்கச் சொன்னார். மூன்றில் இரண்டு பங்குப் பேர் தங்கள் முகம் பெரிதாக உருமாறியதாகச் சொன்னார்கள். சிலர் முன்பின் தெரியாத ஆளையும், சிலர் அப்பா அம்மா முகத்தையும், பலர் விநோதப் பிறவிகளையும் பார்த்தார்கள்.

ஒரே புள்ளியை அசையாமல் பார்த்தால் சுற்றியிருக்கும் விவரங்கள் மெல்ல மங்கும். டிராக்ஸ்லர் என்பவர் 1804இலேயே இதைக் குறித்துவைத்தார். மங்கலான ஒளியில் மூக்கும் கன்னமும் மறைந்து மறைந்து வரும்போது, முகத்தை அடையாளம் காணும் மூளைப் பகுதி அந்த ஓட்டைகளைத் தானே நிரப்பப் பார்க்கிறது. விளக்கைப் போட்டுக் கண்ணை இரண்டு முறை சிமிட்டினால் போய்விடும். அப்படிப் போகாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

சேந்தன்
இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கண்ணாடியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், இந்த விவாதத்துக்கு அது தேவை. நம் முகத்தைத் தினமும் பார்க்கிறோம், ஆனால் உண்மையில் எவ்வளவு பார்க்கிறோம்? குளித்த பிறகு ஆவி படிந்த கண்ணாடியில் உங்கள் முகத்தின் விளிம்பை விரலால் வரைந்து, அப்புறம் விலகி அளந்து பாருங்கள். உங்கள் முகத்தில் பாதி அளவுதான் இருக்கும். கண்ணாடிக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றாலும், தள்ளி நின்றாலும் அதே பாதிதான். ஏனென்றால் கண்ணாடிக்கு முன்னால் நாம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ, பிம்பமும் அதே தூரத்தில் கண்ணாடியின் மறுபக்கத்தில் இருப்பதாகத் தெரிகிறது; கண்ணாடியின் பரப்பு எப்போதும் நடுவழியில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் பார்த்தும் முழு அளவு முகத்தைப் பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாணவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் யாருமே நம்பமாட்டார்கள்.

இன்னொன்று. விழிப்பில் நான் கையைத் தூக்கினால் பிம்பமும் தூக்கியே ஆக வேண்டும், ஒளிக்கு வேறு வழி இல்லை. கனவில் ஒளியே கிடையாது. கையைத் தூக்குகிற உணர்வும் கண்ணாடிக்குள் தெரிகிற காட்சியும் மூளை தனித்தனியாகத் தயாரிப்பவை. அவை ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லையே. பிம்பம் தாமதமாக அசைவது, வேறு திசையில் பார்ப்பது எல்லாம் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இரவுப்பணி
ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கலாம். பெரும்பாலான கனவுகளில் நாம் நம் கண்ணால் பார்ப்பதுபோல்தான் உலகம் தெரியும். நம் முகம் காட்சிக்குள் வருவதே இல்லை. கண்ணாடி வந்துவிட்டால் மட்டும் மூளை "நான் வெளியிலிருந்து எப்படி இருக்கிறேன்" என்பதை அந்த நொடியே வரைந்தாக வேண்டும். நேரே பார்த்துச் சரிசெய்ய வழி இல்லை, கையில் இருக்கும் பழைய படங்களில் எது முதலில் வருகிறதோ அதை எடுக்கிறது. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசைகிற, தெளிவான கனவுகள் அதிகம் வருகிற கட்டத்தை ரெம் உறக்கம் என்போம். அப்போது காட்சியை உருவாக்கும் பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கும், ஆனால் நெற்றிக்குப் பின்னால் "இது பொருந்துகிறதா" என்று சரிபார்க்கும் பகுதி ஓரளவு அடங்கியிருக்கும். 1990களில் மூளை வருடல்களில் இது காணப்பட்டது. அக்கா, அம்மா முகத்தைப் பார்த்தும் வாரி முடித்தது அதனால்தான்.

ஒரு கேள்வி. கண்ணாடியில் அம்மாவுக்கு என்ன வயது இருக்கும்?

கயல்விழி
நீங்கள் கேட்டதும்தான் யோசித்தேன். கடைசிக் காலத்து முகம் இல்லை. பாதி நரைத்த தலை, கன்னம் நிறைந்த முகம். எனக்குத் திருமணம் நடந்த சமயத்து அம்மா. அப்போது எனக்கு 28. அம்மா என்னைப் பெற்றது 24 வயதில்.

இரவுப்பணி
28உம் 24உம் 52. அதாவது உங்கள் இப்போதைய வயது.

இதை வைத்து "இதுதான் அர்த்தம்" என்று நான் சொல்லமாட்டேன், ஒரே ஒருவரின் கனவை வைத்து யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் என் ஊகம் இப்படிப் போகிறது. 52 வயதில் ஒரு பெண் முகம் எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் நினைவில் மிக வலுவாகப் பதிந்த முகம் அம்மாவுடையது. உங்கள் சொந்த 52 வயது முகம் அங்கே இன்னும் சரியாகப் பதியவில்லை. அது எப்படிப் பதியும்? உணர்கிற வயது உண்மை வயதுக்குப் பின்தங்கியே இருக்கிறது. ரூபின், பெர்ன்ட்சன் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 40 தாண்டியவர்கள் சராசரியாகத் தங்கள் வயதைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு இளையவர்களாக உணர்வது தெரிந்தது. 52க்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 42. அதே ஆய்வில் 25 வயதுக்குக் கீழே நிலைமை தலைகீழ். அவர்கள் தங்களைக் கூடுதல் வயதானவர்களாக உணர்ந்தார்கள்.

அதனால் உங்கள் பதினாறு வயதுக் கனவும் இப்போதைய கனவும் வேறாக இருப்பது எனக்கு வியப்பாக இல்லை. பதினாறில் முகம் உண்மையிலேயே மாறிக்கொண்டிருக்கிறது. மூக்கும் தாடையும் வளர்கின்றன. மனம் பிடித்துவைத்த படம் ஒவ்வொரு வருடமும் பழையதாகிறது. கனவில் மூக்கும் வாயும் நிலைகொள்ளாதது அதற்குப் பொருந்துகிறது. முப்பதுகளில் முகமும் உணர்வும் அவ்வளவாக விலகுவதில்லை, உங்களுக்குக் கனவும் நின்றுபோனது. இப்போது மறுபடியும் விலகல். சமீபத்தில் உங்கள் தோற்றத்தில் ஏதாவது மாறியதா?

கயல்விழி
தலைக்குச் சாயம் போடுவதை நிறுத்திவிட்டேன். நரை வளர்ந்து, இப்போது அநேகமாகப் பாதித் தலை வெள்ளை. கனவு ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. சாயத்தை விட்டது என் விருப்பம், அதில் வருத்தம் இல்லை. ஆனால் அம்மாவைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு எழும்போது அவள் இல்லை என்பது மறுபடி புதிதாகத் தெரிகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

வான்மதி
அக்கா, இதைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். சாயத்தை விட்ட எல்லோருக்குமா அம்மா முகம் வருகிறது? நரைதான் காரணம் என்றால் என் அத்தைக்கும் வர வேண்டுமே. துயரம்தான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. பிரிவு ஆறாதவர்களுக்கு இறந்தவர்கள் கனவில் வருவது சாதாரணம்தானே. கண்ணாடி வழியாக வந்தார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இரவுப்பணி
வலுவான கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. துயரமும் நரையும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். என்னைத் தயங்க வைப்பது ஒன்றுதான்: இறந்தவர்கள் கனவில் வரும்போது பொதுவாக எதிரே வேறு ஆளாக வருவார்கள், பேசுவார்கள். அக்காவின் கனவில் அம்மா வரவே இல்லை, அக்காவே அந்த முகத்தில் இருக்கிறார்.

நெடுவழி
நான் என் அனுபவத்தைச் சொல்கிறேன், பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் முடி, புருவம், இமை எல்லாம் போய்விட்டது. அந்த மாதங்கள் முழுவதும் கனவில் கண்ணாடி பார்த்தால் பழைய முகம்தான், அடர்ந்த மீசையோடு. விழித்து நிஜக் கண்ணாடியைப் பார்க்கும்போதுதான் அந்நியன் நிற்பான். சிகிச்சை முடிந்து எல்லாம் வளர்ந்து, எல்லோரும் "பழையபடி ஆகிவிட்டீர்கள்" என்று சொன்ன பிறகு கனவுக் கண்ணாடியில் மொட்டைத்தலையும் புருவமில்லாத முகமும் வர ஆரம்பித்தன. இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? ஒரு முகத்தை ஏற்றுக்கொள்ள மனதுக்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையா தெரியாது.

இரவுப்பணி
நெடுவழி, மனப்பூர்வமான நன்றி. இந்தத் தாமதத்தைப் பலரும் சொல்கிறார்கள். கை கால் இழந்தவர்களில் நிறையப் பேர் வருடக்கணக்கில் கனவில் முழு உடலோடு நடமாடுகிறார்கள்; சிலருக்குச் சீக்கிரமே கனவு உடலும் மாறிவிடுகிறது. யாருக்கு எப்போது மாறும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. ஏற்றுக்கொண்டதால் கனவு மாறுகிறதா, பயம் விலகிய பிறகு அந்த நாட்கள் கனவுக்குள் வர இடம் கிடைக்கிறதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

முல்லைக்கொடி
நான் வேறு விதமாகக் கவலைப்படுகிறேன். என் அப்பாவுக்கு 80 தாண்டிவிட்டது. சாயங்காலம் ஆனால் அறைக் கண்ணாடியைப் பார்த்து "யாரோ பெரியவர் வந்து நிற்கிறார், உட்காரச் சொல்" என்கிறார். கனவில் இருக்கிறார், அரைத்தூக்கம் என்று நினைத்து விட்டுவிட்டோம். இந்த விவாதத்தைப் படித்ததும் இதுவும் தன் முகம் மறந்துபோவதுதானோ என்று தோன்றுகிறது.

இரவுப்பணி
இதைக் கனவோடு சேர்க்காதீர்கள். விழித்திருக்கும் முதியவர் தன் பிம்பத்தை வேறு ஆள் என்று நினைப்பது மறதி நோயில் வரக்கூடிய அறிகுறி. நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். திடீரென்று ஓரிரு நாளில் ஆரம்பித்தது என்றால், அல்லது காய்ச்சல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், வழக்கத்துக்கு மாறான மயக்கம் எதுவும் கூட இருந்தால் தள்ளிப்போடாமல் அன்றே போக வேண்டும். கிருமித்தொற்றோ புது மாத்திரையோகூட முதியவர்களுக்கு இப்படிக் குழப்பத்தைத் தரும்; சில சமயம் பக்கவாதம் காரணமாக இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது: இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். அந்தக் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு ஜன்னல் கண்ணாடியும் பிம்பம் காட்டும், திரையை இழுத்து விடுங்கள். "அது நீங்கள்தான் அப்பா" என்று வாதாடாதீர்கள். அவருக்குத் தெரிவது நிஜம், வாதம் பயத்தைத்தான் கூட்டும். "அவர் போய்விட்டார், நாம் அந்த அறைக்குப் போகலாம்" என்று கூட்டிப்போங்கள்.

முல்லைக்கொடி
போன வாரம் மாத்திரை மாற்றினார்கள். நாளைக் காலையிலேயே மருத்துவரைக் கூப்பிடுகிறேன். நன்றி.

பரிதி
அண்ணா, கனவில் கண்ணாடி பார்த்தால் "இது கனவு" என்று தெரிந்துகொள்ளலாம் என்கிறார்களே, அதைக் கயல் அக்கா முயன்று பார்க்கலாமே? முகம் மாறியிருந்தால் கனவு என்று புரிந்துவிடும், பயம் இருக்காது.

இரவுப்பணி
கனவென்று அறிந்தபடியே கனவு காண்பது நிஜமாகவே உண்டு. முன்பே பேசிவைத்தபடி கண்ணை அசைத்து உறக்கத்துக்குள்ளிருந்து சைகை காட்டியவர்களை 1975 முதல் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் பழகியவர்கள் கண்ணாடியைச் சோதனையாக வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அக்காவின் கலக்கம் கனவுக்குள் இல்லை, விழித்த பிறகு. அவருக்கு அது உதவாது. திகிலூட்டும் கண்ணாடிக் கனவு வருகிறவர்களுக்கு நான் பார்த்த வரையில் நல்ல வழி கனவை மாற்றி எழுதுவது. பகலில் உட்கார்ந்து கனவை எழுத வேண்டும், பிடித்தபடி ஒரு இடத்தை மாற்ற வேண்டும், மாற்றியதை மட்டும் தினமும் 10, 20 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேரி க்ரகோவ் என்ற மருத்துவரின் குழு 2001இல் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் இதைச் செய்து கெட்ட கனவுகள் குறைந்ததைக் காட்டியது. அவ்வளவு பெரிய காயம் பின்னால் இருந்தால் தனியாகச் செய்யாமல் மனநல ஆலோசகர் துணையோடு செய்வதே நல்லது.

கயல்விழி
எனக்கு அந்தக் கனவை மாற்ற மனம் வரவில்லை. அம்மா முகம் வரட்டும். எழுந்தவுடன் வருகிற வலிக்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

இரவுப்பணி
அப்படியானால் மாற்ற வேண்டாம் அக்கா. ரெம் உறக்கம் விடியற்காலையில்தான் நீளமாக வரும், உங்கள் கனவும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வந்திருக்கும். தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். விழித்ததும் அசையாமல் கிடந்து, முதலில் என்ன உணர்வு என்பதை எழுதுங்கள், அப்புறம் முகத்தின் வயது, தலைமுடியின் நிறம். உணர்வை முதலில் எழுதச் சொல்வது, உங்களை வாட்டுவது அதுதான் என்பதால். விளக்கைப் போட்டு உங்கள் முகத்தை நிதானமாகப் பார்ப்பதும் நல்லது, நரையோடு. வாரக்கணக்கில் எழுதினால் முகம் நகர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரியும். படபடப்பு பகலிலும் தொடர்ந்தாலோ, உறங்கவே பயம் வந்தாலோ துயர ஆலோசனை தருகிறவரிடம் பேசுங்கள்.

நெடுவழி
கயல் அக்கா, எழுத ஆரம்பித்தால் இங்கேயும் சொல்லுங்கள். எனக்கு மொட்டைத்தலை முகம் வருவது இன்னும் நிற்கவில்லை, நானும் எழுதுகிறேன்.

கயல்விழி
எழுதுகிறேன். இன்று காலை அம்மாவின் முகத்தில் என் இடது புருவத்துத் தழும்பு இருந்தது. அம்மாவுக்கு அது கிடையாது.